ஊசி தவறிய வியாழக்கிழமை

மனநல மருத்துவம் படித்து முடித்த கையோடு, வாரத்தில் ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மட்டும், காலை பத்து முதல் ஒரு மணி வரை. சென்னையிலிருந்து பைக்கில் வருவேன். சட்டை முழுக்க லாரிப் புழுதி இருந்தாலும், உள்ளே நுழையும்போது ஒரு பெரிய நிபுணர் வருகிறார் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. வேறு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கே நர்ஸாக இருந்தவர் மணிமங்கலத்துக்காரர். என் வயதுதான். வாரம் ஆறு நாளும் அவர் அங்கே இருப்பார், நான் ஒரு நாள் இருப்பேன். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவை நான் நடத்துகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிகள் மேல் ஒரு மயக்கம். மனச்சிதைவு நோய்க்குத் தினமும் விழுங்குகிற மாத்திரையின் மருந்தையே எண்ணெயில் கலந்த ஊசியாகத் தயாரித்திருப்பார்கள். இடுப்புக்குக் கீழே, சதையில் ஆழமாகப் போட்டால், மருந்து அங்கேயே தங்கி நான்கு வாரம் சிறிது சிறிதாக ரத்தத்தில் சேரும். நோயாளி மாத்திரையை மறந்தாரா, தலையணைக்கு அடியில் ஒளித்தாரா என்ற சந்தேகமே வேண்டாம். நான் உடனே உட்கார்ந்து ஊசிக்குத் தகுதியானவர்கள் என்று ஏழு பேர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து நர்ஸிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, "இதுல ரெண்டு பேரு ஒரு நாள் கூட மாத்திரைய விட்டதில்ல சார். இன்னொருத்தருக்கு இந்த மருந்தே இதுவரைக்கும் குடுத்ததில்ல. ஒத்துக்குமா ஒத்துக்காதான்னே தெரியாது. அப்புறம் இன்னாத்துக்கு இவங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால், அந்த ஏழு பேரும் என்னிடம் அதிகம் கேள்வி கேட்டவர்கள். தகுதி என்று நான் எழுதியது என் எரிச்சலைத்தான். இருவரும் சேர்ந்து அடித்துக்கொண்டே வந்ததில் பட்டியலில் ஒரே ஒருவர் மிஞ்சினார். இது அவரைப் பற்றியது.

அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சங்கரன்கோவில் பக்கம் ஊர். டிப்ளமோ முடித்து, இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை. நான்கு பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். லைனில் அறிவிப்பு செய்யும் ஸ்பீக்கரில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் தோன்றியிருக்கிறது. பிறகு ஸ்பீக்கர் இல்லாத இடத்திலும் குரல்கள் கேட்டிருக்கின்றன. ஹாலோபெரிடால் மாத்திரை கொடுத்ததும் ஒரு மாதத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பெரிய தொந்தரவும் இல்லை. ஆனால் இரண்டு முறை மாத்திரையை விட்டார், இரண்டு முறையும் குரல்கள் திரும்பி வந்தன. விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும் வேலையில் 'இரவு படுக்கும்போது' என்று நான் எழுதிக்கொடுத்த நேரம் எந்த நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. அதோடு நான்கு பேர் பார்க்க மாத்திரை விழுங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை.

மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிறது, ஒத்துக்கொள்கிறது, ஆனால் தொடர்ந்து எடுக்க முடியவில்லை. ஊசிக்கு இதைவிடப் பொருத்தமானவர் கிடையாது. அவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய அக்கா வாலாஜாபாத்தில் குடியிருந்தார். ஒரு வியாழக்கிழமை தம்பியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தினார்.

"அவன்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் டாக்டர். சத்து ஊசின்னு சொல்லிப் போட்ருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நோயாளியின் உரிமை பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். தம்பி இரண்டு முறை தெருவில் செருப்பில்லாமல் நடந்து போனபோது பின்னாலேயே ஓடியவர் அந்த அக்கா. அவரிடம் உரிமை பற்றி நான் வகுப்பெடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீங்களே சொல்லுங்க" என்றார்.

தம்பி உள்ளே வந்தார். விளக்குவதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தொழிற்சாலை ஆளுக்குத் தொழிற்சாலை உதாரணம் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே தயார் செய்து வந்திருந்தேன். இது எண்ணெய் ஊசி, உள்ளே போய் ஒரு இடத்தில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கசிகிற மாதிரி கசியும் என்றேன்.

அவர் முகம் மாறியது. ஆயில் கசிந்தால் அவர்கள் லைனில் அந்தப் பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டி ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவார்களாம். கசிகிற ஒன்றை நான் ஏன் அவர் உடம்புக்குள் வைக்கப் பார்க்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

என்ன எண்ணெய் என்று கேட்டார். நல்லெண்ணெய் என்றேன். "சனிக்கெழம தல முழுகுத ஆளுதான்" என்று அக்கா நடுவில் சொன்னார். அப்படியானால் தலையிலேயே தேய்த்துக்கொள்ளக் கூடாதா என்று தம்பி கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நர்ஸ் திரும்பி நின்று அலமாரியை அடுக்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது.

கடைசியில் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. "ஒருக்கா போட்ட பெறவு, ஒத்துக்கிடலைன்னா எடுக்க முடியுமா சார்?"

"எடுக்க வேண்டிய அவசியமே வராது" என்றேன்.

அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து மாத்திரை வாங்க வந்தார். இந்த முறை உதாரணம் எதையும் நான் கொண்டுவரவில்லை. எடுக்க முடியாது என்று நேராகச் சொன்னேன். மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்தலாம், ஊசி என்றால் மருந்து உடம்பை விட்டுப் போக வாரங்கள் ஆகும், அதனால்தான் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட மருந்தையே போடுகிறோம், முதலில் குறைந்த அளவில்தான் போடுவோம், முதல் சில வாரம் மாத்திரையும் கூடவே இருக்கும் என்றேன். நோய் இதனால் அடியோடு போய்விடாது, தினமும் மாத்திரை விழுங்குகிற வேலைதான் மிச்சமாகும், எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் என்னிடம் சொல்லலாம் என்றும் சொன்னேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எடுக்க முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன்" என்றார்.

நர்ஸ் ஊசி போட்டார். தண்ணீர்ப் பசை இல்லாத உலர்ந்த சிரிஞ்சு, தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, மெதுவாக. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்றும், அடுத்த முறை மற்றப் பக்கம் போடலாம் என்றும் சொன்னார். நான் ஒரு மஞ்சள் அட்டையில் நான்கு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமையாகத் தேதிகளை எழுதிக் கொடுத்தேன். எழுதிவிட்டு, "தேதி தப்பவே கூடாது. தப்பினா எல்லாம் வீணாப் போயிடும்" என்று அழுத்தமாகச் சொன்னேன். எனக்கு அது பொறுப்பான பேச்சாகத் தோன்றியது.

ஐந்து ஊசி ஒழுங்காகப் போனது. மாத்திரை நின்றது. குரல் இல்லை. நான் அவரைப் பற்றிச் சென்னையில் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாவது ஊசிக்கான வியாழக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் என்ன செய்தேன் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஊசி மருந்தையும் சிரிஞ்சையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு, அவர் கேஸ் தாளில் இருந்த முகவரியைத் தேடி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். வழியெல்லாம் அவர் மறுபடி செருப்பில்லாமல் நெடுஞ்சாலையில் நடப்பது போலவே எனக்குக் காட்சி வந்தது.

மூன்று மாடிக் கட்டடம், வரிசையாக அறைகள், எல்லாக் கம்பியிலும் கம்பெனிச் சட்டைகள் காய்ந்தன. ஞாயிறு என்பதால் எல்லோரும் இருந்தார்கள். நான் கீழே நின்று அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் யார் என்று ஒருவர் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான்கு பேருக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை விட்டவரை, கட்டடம் முழுக்கக் கேட்க நான் தேடிக்கொண்டிருக்கிறேன். வாயில் வந்ததைச் சொன்னேன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.

அது தவறான பொய். அறைத்தோழர்கள் என்னை உள்ளே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையில் இயந்திரம் பட்டால் கிடைக்குமா என்றார் ஒருவர். கல்யாணமாகாதவர்கள் பாலிசியில் யார் பெயரை எழுத வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஏதோ பதில் சொன்னேன். சட்டைப் பையில் சிரிஞ்சின் உறை சரசரத்தது.

அவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். என்னைப் பார்த்தார், தோழர்களைப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. "வாங்க சார், பாலிசி பேப்பர் மொட்ட மாடில வச்சுப் பேசுவோம்" என்றார். சந்தேகம், பதற்றம், தூக்கமின்மை எதுவும் அவர் முகத்தில் இல்லை. பார்க்கப் போனால் அன்றைக்கு இருவரில் தெளிவாக இருந்தவர் அவர்தான்.

மாடியில் கேட்டேன், ஏன் வரவில்லை என்று. அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டரைக்குத்தான் வெளியே வரலாம் என்றார். மூன்றாவது ஊசியின்போதும் அப்படித்தான் விழுந்ததாம். அப்போது ஒரு நண்பனோடு ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த முறை மாற்ற ஆள் கிடைக்கவில்லை.

"சரி, அடுத்த வாரம் வந்திருக்கலாமே? செகண்ட் ஷிஃப்ட்தானே?"

"நீங்கதான சார் தேதி தப்புனா எல்லாம் வீணுன்னீங்க. தப்பிட்டு. பெறவு வந்து என்ன செய்யன்னு இருந்துட்டேன்."

தொடர்ந்து போட்ட ஊசியின் மருந்து ஒரு நாளில் காலியாவது இல்லை. ஒரு வாரம், பத்து நாள் தாமதம் என்றால், ஆளைப் பார்த்து, தூக்கம் எப்படி, குரல் கேட்கிறதா என்று விசாரித்துவிட்டு, வழக்கமான அளவைச் சீக்கிரமாகப் போட்டால் போதும். மாதக்கணக்கில் விட்டால்தான் கதை வேறு. இது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் தெரிய வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. பயமுறுத்தினால் தவறாமல் வருவார் என்று நினைத்தேன். பயமுறுத்தியதாலேயே வராமல் போனார்.

ஊசியை அங்கேயே போடவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. மறுநாள் திங்கள், அவருக்கு நைட் ஷிஃப்ட், ராத்திரிதான் வேலை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார், நர்ஸ் போட்டார். வியாழக்கிழமை நான் போனதும் நர்ஸ் கேட்டார்: "ஊசி போட நான் தெனமும் இங்கதான கீறேன்? அத்த நீங்க பாக்கெட்ல வச்சிகினு வூடு வூடா போவீங்களா சார்?"

ஊசிக்கு வியாழக்கிழமை தேவையில்லை, நானும் தேவையில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

தீர்வைச் சொன்னதும் நர்ஸ்தான். ஷிஃப்ட் மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. ஊசியையும் மூன்று வாரத்துக்கு ஒன்றாக வைத்தால், எப்போதும் நைட் ஷிஃப்ட் தொடங்குகிற திங்கள் காலையில்தான் விழும், ஒரு நாளும் தப்பாது. நான் மகிழ்ந்துபோய் அட்டையை மாற்றி எழுதினேன். கூடவே, தேதி தப்பினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான்கு வாரத்துக்கான மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டால் உடம்பில் மருந்து கூடிக்கொண்டே போகும். அளவைக் குறைத்திருக்க வேண்டும். தேதி சரியாக உட்கார்ந்த சந்தோஷத்தில் நான் அளவைத் தொடவில்லை.

திங்கட்கிழமைகளில் நான் அங்கே இல்லை. நர்ஸின் ஊசிப் பதிவேட்டில் போட்ட அடையாளங்கள் வரிசையாக விழுவதைப் பார்த்துத் திருப்தியாக இருந்தேன். நான்கு மாதம் கழித்து அடையாளங்கள் நின்றன. பொறுமையாக இருக்கக் கற்றுக்கொண்டவன் என்ற நினைப்பில், இந்த முறை நான் தேடிப் போகவில்லை. நர்ஸ் அவருடைய அக்காவுக்குப் போன் செய்தார். தம்பி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டதாகவும், நன்றாக இருப்பதாகவும் அவர் சொன்னார். நான்கு மாதம் போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை அக்கா அவரைக் கூட்டிவந்தார்.

தாடி வளர்ந்திருந்தது. என் மேஜை மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், அதில் பேச்சு வருகிறது என்றார். நிறுத்தினேன். அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்கா மெல்லக் கேட்டார்: "விட்டுப்போனதுக்கும் சேத்து ரெண்டு ஊசியாப் போட்ருங்க டாக்டர். சீக்கிரம் சரியாயிருமில்லா?"

அவரை அதட்ட என் பழைய சொற்பொழிவு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். விட்டுப்போனதைச் சேர்த்துப் போட முடியாது, சேர்த்துப் போட்டால் உடம்பு இறுகிவிடும் என்றேன். நான்கு மாதத்தில் பழைய மருந்து ஏறக்குறைய போய்விட்டது, ஊசி போட்ட அன்றைக்கே வேலை செய்யாது, அதனால் இப்போதைக்குத் தினசரி மாத்திரையில் தொடங்கி, குரல்கள் அடங்கிய பிறகு குறைந்த அளவில் மறுபடி ஊசிக்கு வருவோம், அதுவும் அவர் விரும்பினால் என்றேன். அக்கா தலையாட்டினார். மாத்திரையைத் தானே கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, வாலாஜாபாத்துக்கு அழைத்துப் போனார்.

ஐந்து வாரத்தில் அவர் தேறிவிட்டார். அப்போதுதான் ஏன் ஊசியை விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தார்.

"கை ஓடல சார். நாப்பது செகண்டுக்கு ஒரு பீஸ் வரும். எனக்குச் சட்டப் பொத்தானப் போடவே நேரமாச்சு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் ஏசினாரு. ஒடம்புக்குன்னு சொன்னா என்ன ஒடம்புக்குன்னு கேப்பாவ. வேலைய விட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சிஸ்டர்ட்ட சொன்னேன்."

நர்ஸ் கேஸ் தாளை எடுத்து வைத்தார். மூன்று திங்கட்கிழமைகளில் அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது: கை இறுக்கம், நடை மெதுவு, டாக்டர் பார்க்கவும். மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து, நான் கட்டுக் கட்டாகத் தாள்களை வைத்து வேகமாகப் போட்டுத் தள்ளுகிற கையெழுத்து. படித்ததாக எனக்கு நினைவே இல்லை. அளவைக் குறைத்திருந்தாலோ, இறுக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தாலோ அவர் வேலை போயிருக்காது.

அதை அவரிடம் சொன்னேன். என் தவறு என்றேன். அவர் கோபப்படவில்லை. அக்காதான் என்னை நேராகப் பார்த்தார். அன்றைக்கு அவருடைய ஒரு யோசனையை மறுத்துப் பத்து நிமிடம் பேசிய ஆள் நான் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

மாத்திரையா ஊசியா என்று அவரையே முடிவு செய்யச் சொன்னேன். ஊசி என்றார். ஊசி போட்டதை அறையில் யாரும் பார்க்க முடியாது, அதுதான் காரணம். முன்பு போட்டதில் பாதி அளவு, நான்கு வாரத்துக்கு ஒன்று, அவருக்குத் தோதான எந்த நாளிலும். ஒவ்வொரு முறையும் நான் பார்க்கும்போது கட்டை விரலையும் சுட்டு விரலையும் வேகமாகத் தட்டிக் காட்டச் சொன்னேன். மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தேன். சில மாதத்தில் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார், தரம் சரிபார்க்கும் பிரிவில், பகல் வேலை மட்டும்.

இரண்டு வருடம் கழித்து நான் அந்த ஆஸ்பத்திரிப் பொறுப்பை விட்டேன். எனக்குப் பின் வரும் டாக்டருக்கு ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் தம்பியைப் பற்றிய கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார், ஒரு பாகத்தைச் சோதிப்பது போல மேலிருந்து கீழ்வரை.

"'மருந்தைத் தவறவிடுபவர்'னு போட்ருக்கீங்க சார்."

"ஆமாம். அது புது டாக்டருக்குத் தெரியணும் இல்லையா?"

"தெரியட்டும். ஏன் விட்டேன்னும் போட்ருங்க. இல்லைன்னா அவரும் அளவக் கூட்டிருவாரு."

கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். நர்ஸ் தன் பேனாவைக் கொடுத்தார். அந்த வரிக்குக் கீழே, முதல் முறை தவறான விளக்கத்தால், இரண்டாம் முறை அதிக அளவால் கை இறுகியதால், இரண்டும் மருத்துவரின் பிழை என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.